காலியாக இருக்கும் ஒரு பெட்டி: கூச்ச சுபாவமுள்ளவரின் முதல் அறிமுகக் குறிப்பு

வாசகர் கேள்வி

எனக்கு வயது 29. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு டேட்டிங் செயலியில் சேர்ந்திருக்கிறேன். படங்களை ஏற்றிவிட்டேன், ‘உங்களைப் பற்றி’ என்ற பெட்டி மட்டும் பதினொரு நாட்களாகக் காலியாக இருக்கிறது. புதியவர்களிடம் பேச எனக்கு எப்போதுமே தயக்கம். ஒருமுறை இப்படி எழுதினேன்: ‘எளிமையானவள், நேர்மையானவள். புத்தகம், இசை, பயணம், சினிமா பிடிக்கும். கொஞ்சம் கூச்ச சுபாவம், மன்னிக்கவும். உண்மையான மனிதரைத் தேடுகிறேன்.’ என் தோழி அதைப் படித்துவிட்டு, ‘இது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்’ என்றாள். அழித்துவிட்டேன். ஆனால் சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு எதுவும் இல்லை. துப்பறியும் நாவலைக்கூடக் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் தொடங்குவேன், அவ்வளவு சாதாரணமானவள். எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறார்களாமே, நானும் அப்படி எழுத வேண்டுமா? கூச்சத்தைச் சொல்லலாமா, மறைக்க வேண்டுமா? அதிகம் சொன்னால் தெரிந்தவர்கள் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

உறவு ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்களைக் குறைத்துச் சொல்வதற்காக நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் நீங்கள் தேடும் அறிமுகக் குறிப்பு இருக்கிறது. கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பவர் என்ற அந்த வரியை உங்கள் தோழியிடம் காட்டியிருந்தால், ‘யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்’ என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். ‘இது நீதான்’ என்று சிரித்திருப்பார். நீங்கள் பெட்டிக்குள் எழுதிய நான்கு வாக்கியங்களில் நீங்கள் இல்லை. பெட்டிக்கு வெளியே, எனக்கு எழுதிய கடிதத்தில் தற்செயலாக வந்து நிற்கிறீர்கள். இது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. ‘உங்களைப் பற்றி’ என்று யாராவது கேட்டவுடன் நம்மில் பலர் விண்ணப்பப் படிவம் நிரப்பும் மனநிலைக்குப் போய்விடுகிறோம். அந்த மனநிலையில் எழுதும்போது பிழை வராது, ஆனால் ஆளும் வருவதில்லை.

பட்டியல் ஏன் பேச்சைத் தொடங்குவதில்லை

அந்தப் பெட்டியை உங்களை விவரிக்கும் இடம் என்று எண்ணியிருக்கிறீர்கள். அதனால்தான் ‘சொல்ல எதுவும் இல்லை’ என்ற மலைப்பு வருகிறது. அதன் வேலை அதைவிடச் சிறியது. முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்கு எழுத விரும்பினால், அவருடைய முதல் வாக்கியத்துக்கு ஒரு பிடிமானம் கொடுப்பதே அதன் வேலை. ஒரு மனிதரை முழுவதுமாகச் சொல்வதற்கு அங்கே இடமும் இல்லை. டிண்டரில் 500 எழுத்துக்குறிகள், பம்பிளில் 300. ஹிஞ்ச் செயலியில் தனிப் பெட்டி கிடையாது, தேர்ந்தெடுத்த மூன்று தொடக்க வரிகள் ஒவ்வொன்றுக்கும் 150 குறிகளுக்குள் பதில் எழுத வேண்டும்.

நீங்கள் எழுதிய குறிப்பைப் படிக்கும் ஒருவரின் இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். அவருக்கு உங்கள் படம் பிடித்திருக்கிறது. ஏதாவது எழுத வேண்டும் என்று நினைக்கிறார். அவர் கண்முன் இருப்பவை புத்தகம், இசை, பயணம், சினிமா. அவரால் கேட்க முடிந்தது, ‘என்ன புத்தகம் படிப்பீர்கள்?’ என்பதுதான். நீங்கள் இரண்டு பெயர்களைச் சொல்வீர்கள். அவர் அவற்றைப் படித்திருக்க மாட்டார். ‘அப்படியா, நல்லது’ என்பார். பிறகு இசைக்கு வருவார். நேர்காணல் போல நான்கு கேள்விகள் முடிந்ததும் இருவருக்குமே அலுத்துவிடும். கலகலப்பாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தாங்களாகவே ஒரு வேடிக்கையைச் சொல்லிப் பேச்சைக் காப்பாற்றிவிடுவார்கள். உங்களைப் போன்றவர்களால் அது உடனே முடியாது. ஆகவே பட்டியல் எழுதுவதால் மற்றவர்களைவிட அதிகம் இழப்பவர் கூச்ச சுபாவமுள்ளவர்தான். அவருக்குத்தான் பேச்சைத் தூக்கிச் சுமக்கும் பாரம் கூடுகிறது.

இதையே திருப்பிப் பார்த்தால் உங்களுக்குச் சாதகமான ஒன்று தெரியும். நேரில் ஒரு புதியவரைச் சந்திக்கும்போது முதல் வாக்கியத்தைத் தயார் செய்ய உங்களுக்குச் சில விநாடிகள்கூடக் கிடைப்பதில்லை. இங்கே யாரும் பார்க்காத நேரத்தில், வேண்டிய அளவு யோசித்து, உங்களிடம் வரப்போகும் முதல் கேள்வி எதைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். எதைக் கேட்டால் உங்களுக்குப் பேச வருமோ, அதைக் கேட்கும்படி எழுதிவைக்கலாம்.

‘எளிமையானவள், நேர்மையானவள்’ என்பவற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவை பொய் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் நம்புவதற்கும் அவற்றில் ஒன்றும் இல்லை. இணையத்தில் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதை மற்றவர்கள் எப்போது நம்புகிறார்கள் என்பதை ஜோசப் வால்தர், மால்கம் பார்க்ஸ் என்ற இரு தொடர்பியல் ஆய்வாளர்கள் 2002-ல் விளக்கினார்கள். சொல்பவர் தம் விருப்பப்படி எளிதில் புனைந்துவிட முடியாத தகவலுக்கே வாசிப்பவர் அதிக எடை தருகிறார் என்பது அவர்கள் கருத்தின் சாரம். நேர்மையற்றவரும் ‘நேர்மையானவள்’ என்ற சொல்லை அதே சுலபத்தோடு எழுதிவிட முடியும். ஆனால் தம்முடைய சிறு வினோதம் ஒன்றை வலியச் சொல்பவரின் நேர்மையை வாசிப்பவர் தாமாகவே உணர்ந்துகொள்வார்.

ஒரு சொல்லிலிருந்து ஒரு காட்சி வரை

இப்போது உங்கள் பட்டியலிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நான்கையும் காட்சியாக்க முயல வேண்டாம். இடம் போதாது, நான்கும் ஒன்றையொன்று நெருக்கும். ‘புத்தகம்’ என்பதை எடுப்போம்.

முதல் படி அதைக் குறுக்குவது. ‘துப்பறியும் நாவல்கள் படிப்பேன்’ என்று எழுதினால் கூட்டம் குறைகிறது, அவ்வளவுதான். பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். பிடித்த மூன்று எழுத்தாளர்களின் பெயர்களைச் சேர்த்துவிட்டு ஆளுமையைக் காட்டிவிட்டதாக நினைக்கிறார்கள். பெயர்கள் உங்கள் அலமாரியைக் காட்டுமே தவிர உங்களைக் காட்டாது.

இரண்டாவது படியில், அதே விருப்பம் உள்ள மற்றவர்கள் செய்யாத எதை நீங்கள் செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் பதில் கையிலேயே இருக்கிறது: ‘துப்பறியும் நாவலில் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவேன்.’ இது ஒரு பழக்கம். ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பின்பக்கம் போகும் காட்சி கண்ணில் தெரிகிறது. இதைப் படித்து ஒருவர் சிரிக்கலாம், இன்னொருவர் ‘இது அநியாயம்’ என்று எழுதலாம். இரண்டுமே நல்ல தொடக்கங்கள்.

மூன்றாவது படியைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். ‘ஏன் அப்படிச் செய்கிறேன்?’ என்று ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். பழக்கம் மட்டும் இருந்தால் அது ஒரு வேடிக்கைத் துணுக்கு. காரணம் சேரும்போதுதான் மனிதர் தெரிகிறார். உங்கள் காரணம் எனக்குத் தெரியாது, ஊகித்துத்தான் எழுதுகிறேன்: ‘யார் செய்தது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகக் கதைக்குள் போக முடியும்.’ இது உங்களுக்குப் பொருந்துமானால் ஒன்றைக் கவனியுங்கள். புதிய இடத்துக்குள் நுழையும் முன் அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர், நிம்மதி கிடைத்தபின் ஆழமாக ஈடுபடுகிறவர் என்பதை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது. ‘கூச்ச சுபாவம், மன்னிக்கவும்’ என்று நீங்கள் எழுத நினைத்ததன் பெரும்பகுதி, மன்னிப்புக் கேட்காமலே அதற்குள் வந்துவிட்டது. உங்கள் உண்மையான காரணம் வேறாக இருந்தால், உதாரணமாகக் கொலையாளி எப்படி எல்லோரையும் ஏமாற்றுகிறார் என்று தொடக்கத்திலிருந்தே வேடிக்கை பார்ப்பதில்தான் உங்களுக்கு இன்பம் என்றால், அதை எழுதுங்கள். அப்போது தெரிவது வேறொரு பெண். குறும்பும் கூர்மையும் உள்ளவர். என் ஊகத்தை அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே இதை விரித்துச் சொல்கிறேன்.

நான்காவது, வாசிப்பவர் உள்ளே வர ஒரு கதவு. அது ஒரு கேள்வியாக இருந்தால் எளிது. எந்தப் பதிலைச் சொன்னாலும் தவறாகாத கேள்வியாகவும், யோசிக்காமல் ஒரு வரியில் சொல்லிவிடக் கூடியதாகவும் அது இருக்க வேண்டும். ‘உங்கள் வாழ்வின் லட்சியம் என்ன?’ என்று கேட்டால் எதிரில் இருக்கும் கூச்ச சுபாவக்காரர் ஓடிவிடுவார். அவரும் உங்களைப் போல ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான்.

எல்லாவற்றையும் சேர்த்தால் இப்படி வருகிறது:

‘துப்பறியும் நாவலில் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவேன். யார் செய்தது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகக் கதைக்குள் போக முடியும். பதில் எழுதச் சற்று நேரம் எடுப்பேன், ஆனால் யோசித்து எழுதுவேன். நீங்கள் முடிவை அறிந்து ரசிப்பவரா, கடைசி வரை காத்திருப்பவரா?’

இது 300 குறிகளுக்குள் அடங்குகிறது. தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணினி உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனிக் குறிகளாக வைத்திருக்கிறது. ‘நட்பு’ என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து. கணினியின் கணக்கில் ஐந்து. இப்படி எண்ணும் பெட்டிகளில் நீங்கள் பாதிதான் எழுதியிருக்கிறோம் என்று நினைக்கும்போதே இடம் முடிந்துவிடும். ஆகவே கைப்பேசியின் குறிப்பேட்டில் எழுதி ஒட்டிப் பார்த்து, ஓரத்தில் குறையும் எண்ணைக் கவனித்துக்கொள்ளுங்கள். சில செயலிகளில் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே உடனே தெரியும். மீதியைப் பார்க்கத் தொட வேண்டியிருக்கும். அதனால் காட்சி முதல் வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். ‘வணக்கம், இதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை’ என்ற வழக்கமான முன்னுரைக்கு அங்கே இடம் கொடுக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் தோழியிடம் காட்டுங்கள். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் அவர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். ‘என் பெயரை மறைத்துவிட்டு இதைக் காட்டினால் நான் என்று உனக்குத் தெரியுமா?’ என்றும், ‘இதைப் படித்த ஒருவர் என்னிடம் முதலில் என்ன கேட்பார்?’ என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவருக்கு உடனே பதில் வரவில்லையென்றால் குறிப்பில் இன்னும் கதவு திறக்கவில்லை என்று பொருள்.

கூச்சத்தைச் சொல்வதா, மறைப்பதா

சொல்லலாம். ஆனால் ‘மன்னிக்கவும்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நீங்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. முதல் அறிமுகத்திலேயே மன்னிப்புக் கேட்டால், உங்களோடு பேசுவது சிரமமான காரியம் என்று வாசிப்பவரை நீங்களே எச்சரிக்கிறீர்கள். ‘முதலில் பேச மாட்டேன்’, ‘என்னிடம் பேச வைப்பது கஷ்டம்’ போன்ற வாக்கியங்களும் அப்படித்தான். அவை எல்லாப் பொறுப்பையும் எதிரில் இருப்பவர் தலையில் வைத்துவிடுகின்றன.

கூச்சத்தைப் பண்பாகச் சொல்லாமல் நடத்தையாகச் சொல்லுங்கள் என்பேன். ‘கூச்ச சுபாவம்’ என்ற சொல்லைப் படிப்பவர் அதற்குத் தமக்குத் தோன்றும் பொருளைக் கொடுத்துக்கொள்வார்: விருப்பமில்லை, திமிர், மனிதர்களைப் பிடிக்காது என்று எதுவாகவும் இருக்கலாம். ‘பதில் எழுதச் சற்று நேரம் எடுப்பேன், ஆனால் யோசித்து எழுதுவேன்’ என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. நீங்கள் மறுநாள் பதில் அனுப்பும்போது அவர் குழப்பமடைய மாட்டார். அழைப்பைவிட எழுத்து உங்களுக்கு எளிது என்றால் அதையும் அப்படியே சொல்லலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு தயக்கம் அடியோட்டமாக ஓடுகிறது. புதியவர்களிடம் பேசத் தயங்கும் தமக்கு இப்படி ஒரு செயலியில் இடம் உண்டா என்ற ஐயம் அது. உளவியலில் இதற்கு ஒரு தெளிவான வேறுபாடு செய்யப்பட்டிருக்கிறது. ஜொனாதன் சீக், ஆர்னால்ட் பஸ் என்ற இருவர் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், கூச்சமும் மனிதர்களோடு இருக்க விருப்பமின்மையும் ஒன்றல்ல என்று காட்டினார்கள். மற்றவர்களோடு இருக்க மிகவும் விரும்பிக்கொண்டே கூச்சப்படுகிறவர்கள் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்தவர்களுக்குத்தான் புதியவரோடு பேசும்போது இறுக்கம் கூடுதலாக வெளிப்பட்டது. பதினொரு நாட்களாக அந்தப் பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கும் நீங்கள் இந்த வகையைச் சேர்ந்தவர் என்று தோன்றுகிறது.

கூட்டி எழுதுவது பற்றி

‘எல்லோரும் கூட்டித்தான் எழுதுகிறார்கள்’ என்று நீங்கள் கேள்விப்பட்டதில் ஒரு பாதி உண்மை. கேட்டலினா டோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் ஆகியோர் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டேட்டிங் தளங்களைப் பயன்படுத்திய 80 பேரை நேரில் வரவழைத்து உயரத்தையும் எடையையும் அளந்து, வயதைச் சரிபார்த்து, அவர்கள் எழுதியிருந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். 81 சதவீதத்தினர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது உண்மையிலிருந்து விலகியிருந்தார்கள். ஆனால் விலகல்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. நேரில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு. என்றாவது சந்திக்கப் போகிறோம் என்ற நினைப்பு கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

எண்களைக் கூட்டுவதைவிட உங்களுக்கு ஆபத்தானது, குணத்தைக் கூட்டுவது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இளைஞரின் அனுபவத்தை அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். அவரும் அதிகம் பேசாதவர். அவருடைய நண்பர் அவருக்காக நகைச்சுவை ததும்பும் ஒரு குறிப்பை எழுதிக் கொடுத்தார். வரிக்கு வரி துணுக்கு. நிறைய பேர் எழுதினார்கள், எல்லோரும் துணுக்குக்குத் துணுக்கு எதிர்பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு பதிலையும் நண்பருக்கு அனுப்பி, அங்கிருந்து வந்ததைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நேரில் சந்தித்த பெண், அரை மணி நேரம் பேசிவிட்டு, ‘அதை எழுதியது நீங்கள்தானா?’ என்று மென்மையாகக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் பல மாதங்கள் செயலியைத் திறக்கவே இல்லை.

பின்னர் நாங்கள் இருவரும் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். அவர் முன்பு எழுதிய பட்டியலில் ‘செடி வளர்ப்பு’ என்று ஒரு சொல் இருந்தது. எப்படிப்பட்ட செடிகள் என்று கேட்டேன். காய்ந்துவிட்டது என்று மற்றவர்கள் குப்பையில் போடும் தொட்டிகளை எடுத்து வந்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எத்தனை பிழைக்கும் என்றேன். ‘பாதிகூடப் பிழைக்காது. ஆனால் தண்டை லேசாகக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருந்தால் விட மாட்டேன்’ என்றார். அதையே எழுதினோம், ஒரு சொல்லும் கூட்டவில்லை. முன்பு வந்ததில் சிறு பங்குதான் கடிதங்கள் வந்தன. ஆனால் வந்தவர்கள் தங்கள் வீட்டில் வாடிக்கிடக்கும் செடியின் படத்தை அனுப்பி வழி கேட்டார்கள். அவருக்கு யாருடைய உதவியும் இல்லாமல் பதில் எழுத வந்தது.

ஆகவே சோதனை எளிது. குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தைப் பற்றியும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டால், ஒத்திகை பார்க்காமல் உங்களால் பேச முடிய வேண்டும். ‘பயணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது போனீர்கள், எது நினைவில் நிற்கிறது என்று கேட்டால் சொல்ல வருமா? வராது என்றால் அந்தச் சொல் உங்களுடையதன்று, எடுத்துவிடலாம்.

தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டால்?

இந்தப் பயத்தால்தான் பலர் பொதுச் சொற்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கின்றன. உங்கள் மனம் எப்படிப்பட்டது என்று காட்டும் விவரம் வேறு. நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று காட்டும் விவரம் வேறு. முதலாவது தாராளமாக இருக்கலாம். இரண்டாவது ஒரு துளியும் வேண்டாம். பணியிடத்தின் பெயர், குடியிருக்கும் பகுதி, தினமும் நடக்கப் போகும் பூங்கா, நேரம், குடும்பத்துக் குழந்தைகளின் பெயர் ஆகியவை அறிமுகக் குறிப்பில் வரக் கூடாது. ‘ஒவ்வொரு ஞாயிறு காலையும் நூலகத்தில் ஜன்னலோர மேசையில் இருப்பேன்’ என்பது படிக்க அழகாக இருக்கும். ஆனால் அது ஓர் அந்நியருக்கு நீங்கள் கொடுக்கும் முகவரி. கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பவர் என்பதை வைத்து உங்களை யாரும் தேடி வர முடியாது.

இன்னும் ஒன்று. இதே வாக்கியத்தையோ இதே படத்தையோ உங்கள் பெயர் தெரியும் வேறு சமூக ஊடகப் பக்கத்தில் பயன்படுத்தியிருந்தால், தேடுபொறியில் இட்டு இரண்டையும் இணைத்துவிட முடியும். செயலிக்கென்று புதிய படங்களையும் புதிய வரிகளையும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இவ்வளவு செய்தாலும், அதே செயலியில் இருக்கும் தெரிந்தவர் ஒருவர் உங்கள் படத்தைப் பார்க்கக் கூடும். அதைக் குறிப்பில் எதையும் எழுதாமல் விடுவதால் தடுக்க முடியாது. பல செயலிகளில் உங்கள் கைப்பேசித் தொடர்புகளில் உள்ளவர்களை முன்கூட்டியே மறைத்துவைக்கும் வசதி இருக்கிறது. அமைப்புகளில் தேடிப் பாருங்கள். அதற்காக முழுத் தொடர்புப் பட்டியலையும் செயலிக்குத் திறந்துவிட விருப்பமில்லையென்றால், குறிப்பிட்ட எண்களை மட்டும் சேர்க்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

‘உண்மையான மனிதரைத் தேடுகிறேன்’ என்ற வரி பற்றிச் சுருக்கமாக: அதில் உங்கள் கவலை தெரிகிறது, விருப்பம் தெரியவில்லை. நீடித்த உறவு வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், பல செயலிகளில் அதைத் தேர்ந்தெடுக்கத் தனி இடம் உண்டு; அங்கே குறித்துவிட்டால் போதும். பெட்டியின் குறைந்த இடத்தை அதற்குச் செலவிட வேண்டாம்.

ஏற்றிய பிறகு

இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். தினமும் திருத்தினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணுவதைவிட, எழுதியவர்களில் எத்தனை பேர் உங்கள் வரியைத் தொட்டு எழுதினார்கள் என்று பாருங்கள். எல்லோரும் ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பினால் கதவு போதுமான அளவு திறக்கவில்லை. கேள்வியை மாற்றிப் பாருங்கள். எல்லோரும் தொட்டு எழுதுகிறார்கள், ஆனால் இரண்டு செய்திகளுக்கு மேல் உங்களுக்கே எழுதத் தோன்றவில்லை என்றால், நீங்கள் காட்டிய காட்சி உங்கள் மனத்துக்கு நெருக்கமானதன்று. வேறொரு சொல்லிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒரு முறைக்கு ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள்.

முதல் செய்தி வந்ததும் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுதான் அடுத்த தயக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ‘கடைசி வரை காத்திருப்பவன் நான், உங்களை மன்னிக்கவே முடியாது’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே சாதுரியமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை; யோசித்து எழுதுவேன் என்று நீங்கள் முன்பே சொல்லிவிட்டீர்கள். அன்று இரவோ மறுநாளோ, ‘கடைசிப் பக்கத்தில் நீங்கள் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒருவர் மாட்டிக்கொண்ட கதை எது?’ என்று கேட்டு ஒரே ஒரு வரி அனுப்புங்கள். அவர் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால், முடிவை உங்களிடம் சொல்லலாமா கூடாதா என்ற கேள்வியில் இருவரும் வந்து நிற்பீர்கள்.